விபத்து வழக்கில் ஆவணம் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனி கடிதம் வந்தால்: வண்டி உரிமையாளருக்கான முழுமையான வழிகாட்டி

உங்கள் வண்டி மோதி ஒருவர் காயமடைந்திருக்கிறார். அவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. மனு போட்டுவிட்டார். மனுவில் நீங்கள் முதல் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது. சில வாரங்களில் கம்பெனியிடமிருந்து ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் வரும். பாலிசி நிபந்தனைப்படி ஒத்துழைப்புத் தரும்படியும், இந்தந்த ஆவணங்களைப் பதினைந்து நாளுக்குள் அனுப்பும்படியும் அதில் இருக்கும்.

அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது, எந்த வரிசையில் வேலை பார்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. படிக்க எளிதாக இருக்க ஒரு மாதிரி வழக்கைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தான் விலாசத்தில் பதிவான ஒரு குட்டி யானை, ஆர்.சி.யில் மொத்த எடை 1,550 கிலோ. உரிமையாளர் இருப்பது சென்னையில், வண்டியை ஓட்டுவது ஊரில் உள்ள டிரைவர். 2025 ஆகஸ்ட் 12 மாலை ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றிக்கொண்டு காரைக்குடி–தேவகோட்டை சாலையில் போகும்போது ஒரு டூவீலரில் மோதியது. ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிவு. டிசம்பரில் மனு தாக்கலானது. கம்பெனிக் கடிதத்தின் தேதி 2026 ஜனவரி 8. அதில் குறித்திருக்கும் வாய்தா பிப்ரவரி 9.

1. கடிதம் எதற்கு வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கடிதத்துக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று வெளிப்படையானது. காயமடைந்தவரின் கோரிக்கையை எதிர்த்து வழக்காட, வண்டி, டிரைவர், விபத்து பற்றிய விவரம் கம்பெனிக்கு வேண்டும். பாலிசியின் பொது நிபந்தனைகளில் முதல் இரண்டும் இதைத்தான் சொல்கின்றன: விபத்தை உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கோர்ட் நோட்டீஸ், வக்கீல் நோட்டீஸ் எது வந்தாலும் உடனே அனுப்ப வேண்டும், கேட்கும் தகவலும் உதவியும் தர வேண்டும், கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது.

இரண்டாவது வேலை வரிகளுக்கு இடையில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 150-வது பிரிவில் கம்பெனி தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கச் சில காரணங்கள் உள்ளன. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, பெர்மிட் அனுமதிக்காத வேலைக்கு ஓட்டியது, பிரீமியம் வந்து சேராதது போன்றவை. இவற்றை நிரூபிக்கும் சுமை கம்பெனியின் தலையில். அதற்கு அவர்கள் எடுக்கும் எளிய வழி இந்தக் கடிதம்தான். "லைசென்ஸைக் காட்டச் சொல்லி எழுதினோம், காட்டவில்லை" என்று சொல்லி, கடித நகலையும் தபால் ஒப்புகையையும் எதிர்மனுதாரர் தரப்புச் சான்றாவணமாகக் குறியிட்டுவிடுவார்கள். டிரைவரிடம் நல்ல லைசென்ஸ் இருந்தும், பதில் போடாததால் மட்டுமே "கம்பெனி முதலில் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்" என்று உத்தரவு வாங்கியவர்கள் உண்டு.

ஆக, கம்பெனி ஒரே நேரத்தில் உங்கள் பக்கமும் நிற்கிறது, எதிர்ப்பக்கமும் நிற்கிறது. இது வஞ்சகம் இல்லை, சட்டத்தின் அமைப்பே அப்படி. பதிலில் எழுதும் ஒவ்வொரு வரியையும் இதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

பேனாவைத் தொடுவதற்கு முன் இவற்றை ஒரு ஃபைலில் சேருங்கள்: விபத்து நாளில் அமலில் இருந்த பாலிசி, ஆர்.சி., டிரைவரின் லைசென்ஸ், சரக்கு வண்டி என்றால் எஃப்.சி.யும் தேவையானால் பெர்மிட்டும், முதல் தகவல் அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தால் அதன் எல்லாப் பக்கங்களும்.

முதல் தகவல் அறிக்கையை ஸ்டேஷனுக்கு அலையாமல் eservices.tnpolice.gov.in தளத்தில் எடுக்கலாம். ஆர்.சி., லைசென்ஸ் விவரங்களை parivahan.gov.in தளத்தில் பார்த்து, பார்த்த தேதி தெரியும்படி பிரிண்ட் எடுத்து வையுங்கள். கையில் இருக்கும் அட்டையும் அரசுப் பதிவும் ஒத்துப்போகிறதா என்பதைக் கம்பெனிக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

3. கடிதத்தில் ஐந்து விவரங்களை அடிக்கோடிடுங்கள்

எம்.சி.ஓ.பி. எண், எந்த ஊர்த் தீர்ப்பாயம், வாய்தா தேதி, பாலிசி எண், பதில் அனுப்பக் கடைசி நாள். மாவட்ட நீதிமன்றமும் சார்பு நீதிமன்றமும் தீர்ப்பாயமாக நடத்துவதால், நம் பக்கத்து வழக்கு சிவகங்கையிலும் இருக்கலாம், தேவகோட்டையிலும் இருக்கலாம். விபத்து நடந்த இடத்தை வைத்து மட்டுமல்ல, மனுதாரர் குடியிருக்கும் இடத்தை வைத்தும் மனுப் போடலாம் என்பதால் காரைக்குடியில் நடந்த விபத்துக்கு மதுரையில் வழக்கு வருவதும் சகஜம்.

பாலிசி எண்ணைக் கட்டாயம் சரிபாருங்கள். மனுவில் பழைய வருடத்துப் பாலிசி எண்ணைப் போட்டிருப்பார்கள். கம்பெனியும் அதையே பிடித்துக்கொண்டு "விபத்து நாளில் பாலிசி இல்லை" என்று எழுதியிருக்கும். நம் மாதிரி வழக்கில் பாலிசி 2025 மார்ச் 3 முதல் 2026 மார்ச் 2 வரை. கடிதத்தில் 2024-ஆம் வருட எண் இருந்தால், பதிலின் முதல் பத்தியிலேயே சரியான எண்ணை எழுதி, பிரீமியம் வங்கிக் கணக்கிலிருந்து போன நாளுக்கான ஸ்டேட்மென்ட்டையும் இணைத்துவிட வேண்டும்.

கடிதம் உண்மையானதா என்ற சந்தேகம் வந்தால், கடிதத்தில் உள்ள செல் நம்பரைக் கூப்பிடாதீர்கள். பாலிசியில் அச்சிட்டிருக்கும் அலுவலக எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வழக்கை முடித்துத் தருவதாகப் பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால் அது கம்பெனிக் கடிதம் இல்லை.

4. கோர்ட் நோட்டீஸ் வேறு, கம்பெனிக் கடிதம் வேறு

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். கம்பெனிக்குப் பதில் போட்டுவிட்டால் கோர்ட் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். கோர்ட் நோட்டீஸுக்கு வக்காலத்துப் போட்டு ஆஜராக வேண்டும், எதிர்வுரை தாக்கல் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் முதல் எதிர்மனுதாரர் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஆஜராகாதவர் என்று பதிந்து அவர் இல்லாமலே வழக்கை நடத்துவார்கள். அதற்குப் பிறகு கம்பெனி 170-வது பிரிவில் அனுமதி வாங்கி மனுதாரரை எல்லா விதத்திலும் எதிர்க்கலாம். அதுவரை உங்களுக்கும் நல்லதுதான். ஆனால் "உரிமையாளர் பாலிசி நிபந்தனையை மீறினார்" என்று அதே கம்பெனி சொல்லும்போது மறுத்துப் பேச அங்கே ஆள் இருக்காது.

செட்டிநாட்டில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. வண்டி பூர்வீக வீட்டு விலாசத்தில் பதிவாகியிருக்கும். வீட்டில் வாட்ச்மேன் மட்டும் இருப்பார், அல்லது வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். தபால்காரர் "கதவு பூட்டியிருந்தது" என்று எழுதித் திருப்புவார். பிறகு நாளிதழில் விளம்பரம் கொடுத்து நோட்டீஸ் சார்வானதாக எடுத்துக்கொள்வார்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உரிமையாளருக்கு இது எதுவும் தெரியாது. விபத்து நடந்தது தெரிந்தவுடனேயே, கம்பெனிக்கு இப்போதைய விலாசம், செல் நம்பர், இமெயில் மூன்றையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வாட்ச்மேனிடம், கோர்ட் ஆள் வந்தால் தபாலை மறுக்க வேண்டாம், வாங்கி அன்றே போட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்லி வையுங்கள். வாங்க மறுப்பதில் லாபமே இல்லை. மறுத்தாலும் சார்வானதாகத்தான் கொள்வார்கள்.

வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை services.ecourts.gov.in தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். உங்களை ஏற்கெனவே எக்ஸ்பார்ட்டி ஆக்கியிருந்தால், தீர்ப்புக்கு முன்பே அதை ரத்துச் செய்ய மனுப் போடுவது எளிது. தீர்ப்பு வந்த பிறகு போராட்டம்.

5. எல்லா ஆவணத்தையும் விபத்துத் தேதியில் நிறுத்திப் பாருங்கள்

ஆவணம் இன்று செல்லுமா என்பது கேள்வியே இல்லை. 2025 ஆகஸ்ட் 12 மாலை செல்லுபடியாக இருந்ததா என்பது ஒன்றுதான் கேள்வி. ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தொடங்கிய நாள், முடிந்த நாள் இரண்டையும் எழுதி, நடுவில் விபத்துத் தேதி விழுகிறதா பாருங்கள். மாதிரி வழக்கில் இதைச் செய்தால் மூன்று விஷயம் தெரிகிறது.

பெர்மிட். கம்பெனிக் கடிதம் வழக்கமான அச்சுப் பட்டியல் என்பதால் பெர்மிட்டையும் கேட்டிருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்று 66-வது பிரிவே விலக்குக் கொடுத்திருக்கிறது. இங்கே பலர் "பெர்மிட் இல்லை" என்று ஒற்றை வரியில் எழுதிவிடுகிறார்கள். படிப்பவருக்கு அது மீறலை ஒப்புக்கொண்டதாகத் தெரியும். "ஆர்.சி.யின்படி மொத்த எடை 1,550 கிலோ, பிரிவு 66(3)-ன்படி பெர்மிட் தேவையில்லை" என்று முழுதாக எழுத வேண்டும்.

லைசென்ஸ். டிரைவரிடம் இருப்பது இலகு ரக வாகன லைசென்ஸ். டிரான்ஸ்போர்ட் என்று தனியாகப் பதிவு இல்லை. கடிதம் "சரக்கு வண்டி ஓட்டத் தகுதியான லைசென்ஸ்" கேட்கிறது. உரிமையாளர் பதறிப்போய் டிரைவரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பி இப்போது அதைச் சேர்க்கச் சொல்வார். தேவையே இல்லாத காரியம். 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது, டைல்ஸுக்குப் பொருந்தும். விபத்துக்குப் பிறகு லைசென்ஸில் எதையாவது சேர்த்தால், முன்பு இல்லாத ஒன்று இப்போது வந்தது என்று காட்டிக்கொடுக்கும் தேதிதான் அதில் பதியும்.

எஃப்.சி. இதில்தான் உண்மையான ஓட்டை. ஆகஸ்ட் 5-ல் முடிந்திருக்கிறது; 21-ல் புதுப்பித்திருக்கிறார்கள். விபத்து 12-ல். புதுச் சான்றிதழை மட்டும் அனுப்பிவிட்டு மௌனமாக இருந்துவிடலாமா என்று தோன்றும். கூடாது. அரசுப் பதிவில் இரண்டு தேதியும் இருக்கிறது, கம்பெனி ஆர்.டி.ஓ. அலுவலக ஊழியரைச் சாட்சியாக அழைத்தால் பத்து நிமிடத்தில் வெளிவரும். மறைத்தது தெரிந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் நம்பமாட்டார்கள்.

எஃப்.சி. இல்லாதது 150-வது பிரிவின் பட்டியலில் அந்தப் பெயரில் இல்லை. ஆனால் எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வண்டி சரியாகப் பதிவான வண்டியே ஆகாது என்று 56-வது பிரிவு சொல்வதைப் பிடித்துக்கொண்டு கம்பெனிகள் வாதாடுகின்றன. இதில் தீர்ப்புகள் இரண்டு விதமாகவும் வந்திருக்கின்றன. ஆகவே இரண்டு சான்றிதழையும் அனுப்பி, தேதிகளை அப்படியே எழுதி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "என் தவறுதான்" என்றும் எழுத வேண்டாம், "இதனால் பாதிப்பில்லை" என்றும் வாதாட வேண்டாம். விபத்துக்குப் பிறகு வண்டியைப் பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளர், இயந்திரக் கோளாறால் விபத்து நடக்கவில்லை என்று எழுதியிருந்தால் அந்த அறிக்கையை உடன் வையுங்கள். இந்த இடத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும் ஒரே காகிதம் அதுதான்.

6. டிரைவர் பற்றிய பகுதி

ஓட்டியவர் பெயரை மாற்றாதீர்கள். லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டினான், ஸ்டேஷனில் வேறொருவரைக் காட்டினோம் என்ற கதை ஊரில் புதிதில்லை. மருத்துவமனைக் குறிப்பு, அக்கம்பக்கத்துக் கடைக் கேமரா, செல்போன் டவர் என்று அது உடைய நிறைய வழி இருக்கிறது. உடைந்தால் இழப்பீட்டு வழக்கோடு நிற்காது, கிரிமினல் வழக்காகும்.

லைசென்ஸ் போலி என்று கம்பெனி சொன்னால் அதோடு உங்கள் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வேலைக்கு எடுக்கும்போது லைசென்ஸைப் பார்த்தாரா, ஓட்டத் தெரியுமா என்று சோதித்தாரா என்பதுதான் உரிமையாளரிடம் எதிர்பார்ப்பது, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கிலும் அதற்குப் பின்னும் இதைச் சொல்லியிருக்கிறது. எனவே பதிலில் எந்த மாதம் வேலைக்குச் சேர்ந்தார், யார் அறிமுகம், லைசென்ஸ் நகல் எப்போது வாங்கி வைத்தீர்கள், ஓட்டிக் காட்டச் சொன்னீர்களா என்பதை நான்கு வரியில் எழுதுங்கள். அப்போது வாட்ஸ்அப்பில் வந்த லைசென்ஸ் போட்டோ இருந்தால் அழிக்காதீர்கள். அது வந்த தேதியே சான்று.

டிரைவருக்குச் சொல்லி வைக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 281, 125 பிரிவுகளில் கிரிமினல் வழக்கு நடக்கும். "குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, அலைச்சல் மிச்சம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தத் தீர்ப்பின் நகலை வாங்கி, டிரைவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்பதற்கு ஆதாரமாக மனுதாரர் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்வார். டூவீலர்காரர் பேரிலும் பாதித் தவறு இருந்ததாகச் சொல்லும் வாய்ப்பு அதோடு பெரிதும் சுருங்கிவிடும். இந்த முடிவை எடுக்குமுன் இழப்பீட்டு வழக்கைப் பார்க்கும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கிரிமினல் வழக்கு நடப்பதைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பதும் பாலிசி நிபந்தனை.

7. விபத்து விவரம்: பார்த்தது, கேட்டது, தெரியாதது

உரிமையாளர் சென்னையில் இருந்தார். அப்படியிருக்க "டூவீலர் திடீரென்று குறுக்கே வந்தது" என்று அவர் எழுதினால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே "நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்பதாக இருக்கும். வண்டியில் நான் இல்லை. டிரைவர் என்னிடம் சொன்னது இது. டிரைவர் கையெழுத்திட்ட வாக்குமூலத்தை இணைத்திருக்கிறேன் என்று பிரித்து எழுதுவதே சரி.

டிரைவரின் தாளில் இடம், நேரம், எந்தத் திசையில் போனார், வண்டியில் யார் யார், என்ன சரக்கு, முன்னால் என்ன நடந்தது, பிறகு யாருக்குப் போன் செய்தார் என்று இருந்தால் போதும். வேகத்தைக் குத்துமதிப்பாக எழுதவே வேண்டாம். "நாற்பதில் போனேன்" என்று ஒரு தாளிலும் "ஐம்பது இருக்கும்" என்று சாட்சிக் கூண்டிலும் சொல்வதால் வரும் தொல்லைக்கு அளவில்லை. கேபினில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு உண்மையான எண்ணிக்கையைச் சொல்லுங்கள். நம் வழக்கில் டிரைவரும் டைல்ஸ் இறக்கும் ஆளும் இருந்தார்கள், காயம் அவர்களுக்கு இல்லை. எனவே இது சிக்கலாகாது.

மருத்துவச் செலவுக்கு ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் தேதி, தொகை, யாரிடம் என்று எழுதுங்கள். இரக்கத்தில் கொடுத்தது தவறு இல்லை. இனிமேல் கொடுப்பதானால் கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் "இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிக் கொடுப்பது பாலிசி நிபந்தனையை நேரடியாக மீறுவது.

8. பதில் கடிதம்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தமிழில் எழுதலாம். மாதிரி வழக்குக்கு இப்படி:

"பொருள்: தங்கள் 08.01.2026 தேதியிட்ட கடிதம், எம்.சி.ஓ.பி. எண் ___, ___ தீர்ப்பாயம், வாய்தா 09.02.2026, பாலிசி எண் ___.

மேற்படி கடிதம் ___ தேதி கிடைத்தது. வழக்கு மனுவில் உள்ள குற்றச்சாட்டுகளை நான் ஒப்புக்கொள்ளவில்லை. விபத்து நாளில் வண்டியை ஓட்டியவர் ___. லைசென்ஸ் எண் ___, இலகு ரக வாகனம், விபத்து நாளில் நடப்பில் இருந்தது. ஆர்.சி.யின்படி மொத்த எடை 1,550 கிலோ. பிரிவு 66(3)-ன்படி பெர்மிட் தேவையில்லை. எஃப்.சி. 05.08.2025 வரையிலும், பின்னர் 21.08.2025 முதலும் உள்ளது, இரண்டும் இணைப்பில். விபத்து நேரத்தில் நான் வண்டியில் இல்லை. டிரைவரின் வாக்குமூலம் இணைப்பில். கோர்ட் நோட்டீஸின் நகல் இணைப்பில். அசல் ஆவணங்களை முன்னறிவிப்புடன் எப்போது வேண்டுமானாலும் காட்டத் தயார். என் சார்பில் தங்கள் வக்கீல் ஆஜராவாரா என்பதை வாய்தாவுக்கு முன் எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். "ஆவணம் காட்டவில்லை" என்ற வாதத்தை முதலாவது அடைக்கிறது. இரண்டாவது எதற்கு என்பது பத்தாவது பகுதியில் வரும்.

இணைப்புகளுக்கு எண் போட்டு, பட்டியலைக் கடிதத்தின் அடியிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு நகலிலும் கையெழுத்துக்கு மேல் "இந்த எம்.சி.ஓ.பி. வழக்குக்காக மட்டும்" என்று குறுக்காக எழுதிவிடுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரியான விவரத்தை இணையத்தில் பார்த்துப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். நாள் போனால் அந்தப் பக்கம் கிடைக்காது. அதே கடிதத்தை ஸ்கேன் செய்து கம்பெனி இமெயிலுக்கும் அனுப்புங்கள். ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டேன் என்பது கோர்ட்டில் எடுபடாது.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், ஊரில் உள்ள ஒருவருக்கு அதிகாரம் கொடுத்த கடிதத்தை இணைத்து அவர் மூலம் அனுப்பலாம். கோர்ட்டில் ஆஜராவதற்கு அந்தக் கடிதம் போதாது, பவர் பத்திரம் வேண்டும்.

9. இன்வெஸ்டிகேட்டர் வந்தால்

கம்பெனி நியமித்த கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அசல் ஆவணத்தைக் காட்டலாம், கொடுத்தனுப்பக் கூடாது. அவர் எழுதிய வாக்குமூலத்தை முழுக்கப் படித்து, கையெழுத்துப் போடுமுன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால், எவ்வளவு பழகியவரானாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

10. யாருடைய வக்கீல்?

கம்பெனி வக்கீல் உங்கள் வக்காலத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வதாகச் சொல்வதுண்டு. பாலிசியில் எந்தச் சச்சரவும் இல்லாத வழக்கில் அது செலவு மிச்சம், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கம்பெனிக் கடிதத்தில் "உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்" என்ற பொருளில் ஒரு வரி இருந்து, அதோடு லைசென்ஸ், எஃப்.சி., பெர்மிட் என்று குறிப்பாகத் துருவிக் கேட்டிருந்தால், உங்கள் மேல் மீறல் சொல்லும் எண்ணம் இருக்கிறது என்று பொருள். நம் மாதிரி வழக்கில் எஃப்.சி. இடைவெளி இருப்பதால் தனி வக்கீல்தான் வேண்டும். மீறல் இருக்கிறது என்று வாதாடும் வக்கீலே இல்லை என்றும் வாதாட முடியாது.

தனி வக்கீலின் எதிர்வுரையில் மூன்று விஷயம் கட்டாயம் வர வேண்டும்: விபத்து நாளில் பாலிசி அமலில் இருந்தது, டிரைவருக்கு லைசென்ஸ் இருந்தது, ஆவணங்களை இன்ன தேதியில் கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம். எட்டாவது படியில் சேர்த்து வைத்த தபால் சான்று இங்கே உங்கள் தரப்புச் சான்றாவணமாகும்.

11. வண்டியை விற்றுவிட்டவர்களுக்கு

வண்டி கைமாறி, ஆர்.சி. மட்டும் உங்கள் பெயரிலேயே இருந்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் உரிமையாளர். உச்ச நீதிமன்றம் 2018-லும் இதை உறுதிசெய்தது. "எனக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தமில்லை" என்று கடிதத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். விற்ற தேதி, வாங்கியவர் பெயர், விலாசம், டெலிவரி நோட், பணம் வந்த வங்கிப் பதிவு எல்லாவற்றையும் வைத்துப் பதில் எழுதி, வாங்கியவரையும் வழக்கில் சேர்க்கும்படி வக்கீல் மூலம் மனுப் போடுங்கள். வண்டி விற்றதோடு பாலிசியும் வாங்கியவருக்கு மாறிவிட்டதாகவே 157-வது பிரிவு கொள்வதால், மூன்றாம் நபரின் இழப்பீட்டுக்குக் கம்பெனி பொறுப்பேற்பதை விற்பனை மட்டுமே தடுக்காது.

12. தீர்ப்பு வந்தவுடன் பார்க்க வேண்டிய வரி

தொகை எவ்வளவு என்பதைப் பிறகு பாருங்கள். உத்தரவுப் பகுதியில் "இரண்டாவது எதிர்மனுதாரர் செலுத்த வேண்டும்" என்று மட்டும் இருக்கிறதா, "செலுத்திவிட்டு முதல் எதிர்மனுதாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம்" என்ற வாலும் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வால் இருந்தால், கம்பெனி தனி வழக்குப் போடாமல் அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனுப் போட்டு உங்களிடம் வசூலிக்கலாம். வண்டியையும் சொத்தையும் ஜப்தி கேட்கலாம்.

அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 173-வது பிரிவில் 90 நாள் அவகாசம். சிவகங்கை மாவட்ட வழக்குகளுக்கு அது மதுரைக் கிளை. பணம் கட்டும்படி உத்தரவான தரப்பு மேல்முறையீடு செய்யும்போது ரூ.25,000 அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதைச் செலுத்த வேண்டும். வழக்கில் உள்ள தொகை ரூ.1 லட்சத்துக்குக் குறைவென்றால் மேல்முறையீடே கிடையாது. தீர்ப்பு நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். கம்பெனியின் நிறைவேற்று மனு நோட்டீஸும் அதே பூட்டிய வீட்டு விலாசத்துக்குத்தான் போகும்.